டாலர் ரேட் ஏறியும் வீட்டுக் கணக்கு ஏன் இடிக்கிறது?

கேள்வி: என் வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மாதாமாதம் ஒரே தொகையைத்தான் அனுப்புகிறார். எங்கள் நாட்டுப் பணத்தின் மதிப்பு இறங்கிக்கொண்டே போவதால் முன்பைவிடக் கூடுதலாகத்தான் கைக்கு வருகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் இழுபறிதான். மதிப்பு ஏன் இப்படி இறங்குகிறது? "இன்னும் இறங்கட்டும், மொத்தமாகச் சேர்த்து அனுப்புகிறேன்" என்கிறார் அவர். காத்திருக்கலாமா?

பதில்: மாதச் செலவுக்கான பணத்தைக் காக்க வைக்காதீர்கள். அதற்கு மேல் மிச்சப்படும் பணத்துக்கு வேறு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், மதிப்பு எப்படி இறங்குகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

ஒரு நாட்டுக்குள் டாலர் வரும் வழிகள் சில: ஏற்றுமதி, சுற்றுலா, வெளிநாட்டு முதலீடு, கடன், உங்கள் வீட்டுக்காரர் போன்றவர்கள் அனுப்பும் பணம். எரிபொருள், மருந்து, இயந்திரம் வாங்கவும், பழைய கடனுக்குத் தவணை கட்டவும் டாலர் வெளியே போகிறது. தேவை கூடி வரவு குறைந்தால் டாலரின் விலை ஏறும். அதன் மறுபக்கம்தான் உள்நாட்டுப் பணத்தின் வீழ்ச்சி. இதோடு எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. "அடுத்த மாதம் இன்னும் இறங்கும்" என்ற பேச்சு பரவிவிட்டால், இறக்குமதி செய்பவர்கள் முன்கூட்டியே டாலர் வாங்கி வைப்பார்கள். ஏற்றுமதி செய்பவர்கள் வந்த டாலரை மாற்றாமல் வெளிநாட்டிலேயே விட்டுவைப்பார்கள். வீழ்ச்சி வேகம் பிடிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். உங்கள் வீட்டுக்காரர் செய்ய நினைப்பதும் இதையேதான். அவர் ஒருவரால் எதுவும் ஆகிவிடாது. லட்சக்கணக்கானோர் சேர்ந்து செய்யும்போது ஆகும்.

இன்னொரு வகை வீழ்ச்சியும் உண்டு. அதில் நம் பணம் பலவீனமாவதில்லை, டாலர் பலமாகிறது. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை அமெரிக்க மத்திய வங்கி ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 சதவீதம் வரை கொண்டுபோனது. வட்டி கூடிய இடத்துக்கு உலகப் பணம் ஓடியது. யூரோ, பவுண்டு, யென் எல்லாமே டாலருக்கு எதிராகச் சரிந்தன. 2022 ஜூலையில் ஒரு யூரோவும் ஒரு டாலரும் ஒரே விலைக்கு வந்து நின்றன. உங்கள் நாட்டில் நடப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, டாலரோடு மட்டும் ஒப்பிடாமல் யூரோ, யென் ரேட்டையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் எதிராக இறங்கியிருந்தால் கோளாறு உள்நாட்டில் இருக்கிறது. டாலருக்கு எதிராக மட்டும் என்றால் அது டாலரின் ஏற்றம்.

வளைகுடாவில் பெரும்பாலான நாணயங்கள் டாலரோடு கட்டிவைக்கப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.75 சவூதி ரியால் என்பது 1986 முதல் மாறவில்லை. அமீரக திர்ஹாம் 1997 முதல் 3.6725. அதனால் டாலர் ஏறும்போதெல்லாம் அங்கிருந்து வரும் பணமும் ஏறுகிறது. ஜப்பானில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கு அப்படி இல்லை. 2022 தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 115 யென்னாக இருந்தது அக்டோபரில் 150 வரை போனது. சொந்த நாட்டுப் பணம் டாலருக்கு எதிராக இறங்கியிருந்தும், யென்னில் சம்பளம் வாங்கியவர்களில் பலரின் வீட்டுக்கு முன்பைவிடக் குறைவாகவே வந்து சேர்ந்தது. "டாலர் ஏறிவிட்டது" என்ற செய்தி எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அனுப்புகிறவர் எந்த நாணயத்தில் சம்பாதிக்கிறார் என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

இனி உங்கள் இழுபறிக்கு வருகிறேன். இலங்கையில் 2021, 2022இல் நடந்தது இதைத் தெளிவாகக் காட்டும். 2021 செப்டம்பரில் டாலர் சுமார் 200 ரூபாயில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. சில வாரங்களிலேயே 360ஐத் தொட்டது. மாதம் 400 டாலர் பெற்ற ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்பு 80,000 ரூபாய் வந்தது. பிறகு 1,44,000. பார்ப்பதற்கு 80 சதவீத உயர்வு. ஆனால் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் ஏறக்குறைய 70 சதவீதம் ஏறியிருந்தது. அதாவது 80,000க்கு வாங்கியதையே வாங்க 1,36,000 வேண்டும். மிச்சம் 8,000தான். அதுவும் சராசரிக் கணக்கு. உணவுப் பொருள்கள் மட்டும் 95 சதவீத அளவுக்கு ஏறின. அந்த வீட்டின் செலவில் பாதி சாப்பாட்டுக்குப் போயிருந்தால், முன்பு 40,000 ஆன இடத்தில் 78,000 ஆகியிருக்கும். வருமானத்தில் பெரும்பகுதியை உணவுக்கே செலவழிக்கும் குடும்பங்களுக்கு அந்த 8,000கூட மிஞ்சியிருக்காது. வெளிநாட்டுப் பணம் வராமல் உள்ளூர்ச் சம்பளத்தை மட்டும் நம்பிய வீடுகள் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பிறகு ரேட் திரும்பியது. 2023 ஜூனில் டாலர் 300க்கு அருகே வந்தது. அதே 400 டாலருக்கு அப்போது 1,20,000தான். விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று செய்தி வந்தபோது பலர் விலை குறைந்ததாக எண்ணினார்கள். ஏறுகிற வேகம்தான் குறைந்திருந்தது. ரேட் உச்சத்தில் இருந்தபோது வந்த வரவை நிரந்தரமாக நினைத்து மாதத் தவணைகளை ஏற்றிக்கொண்டவர்கள் இந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

ஆக, வீழ்ச்சியில் கிடைக்கும் லாபம் ஒரு கால இடைவெளிதான். ரேட் ஒரே நாளில் மாறும். எரிபொருளும் மருந்தும் சில வாரங்களில் பின்தொடரும். வாடகை, பள்ளிக் கட்டணம் போன்றவை மாதக்கணக்கில் தாமதித்து வந்து சேரும். அந்த இடைவெளிக்குள் என்ன செய்கிறோம் என்பதில்தான் லாபம் இருக்கிறது. "இன்னும் இறங்கட்டும்" என்று பணத்தை அங்கேயே வைத்திருந்தால், ரேட்டில் கூடுதலாகக் கிடைப்பதை விலையேற்றமும், செலவைச் சமாளிக்க இங்கே வாங்கும் கைமாற்றின் வட்டியும் தின்றுவிடும். எப்போது உச்சம் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது, வங்கிக்காரர்களுக்கும் தெரியாது.

செலவு போக மிஞ்சும் தொகையை, நானாக இருந்தால், உள்நாட்டுப் பணத்தில் நிலையான வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்கவே முதலில் பயன்படுத்துவேன். விலைவாசி ஏறினாலும் அந்தக் கடனின் அசல் ஏறுவதில்லை. மேலே சொன்ன ரேட்டிலேயே பார்த்தால், 3,00,000 ரூபாய்க் கடனை அடைக்க முன்பு 1,500 டாலர் தேவைப்பட்டது. 360இல் சுமார் 833 டாலர் போதும். இந்த லாபத்தை விலையேற்றம் பறித்துக்கொள்ள முடியாது. உங்கள் கடனுக்கு மாறும் வட்டி என்றால் இன்னும் அவசரம். நாணயத்தைக் காப்பாற்ற மத்திய வங்கிகள் வட்டியைத்தான் ஏற்றும். 2022 ஏப்ரலில் இலங்கை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. ஆனால் கடன் டாலரில் இருந்தாலோ, பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக் கட்டணம் வரவிருந்தாலோ, அந்த அளவுக்கான பணத்தை மாற்றாமல் டாலராகவே வைத்திருங்கள். மாற்றிவிட்டு மறுபடி டாலர் வாங்கினால் இரண்டு பக்கமும் இழப்பு.

அடுத்தது, அனுப்பும் வழி. சில மாதம் காத்திருந்து ரேட்டில் பிடிக்க நினைப்பதில் ஒரு பங்கு இங்கேயே கைவிட்டுப் போகலாம். ஒரு நிறுவனம் "கட்டணமே இல்லை" என்கிறது. சந்தை ரேட் 360, அது தருவது 352. 400 டாலருக்கு 1,40,800 வரும். இன்னொன்று 4 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு 359 தருகிறது. மீதி 396 டாலருக்கு 1,42,164. கட்டணம் வாங்குகிறவரிடமே 1,364 ரூபாய் கூடுதல். கட்டணம் கண்ணுக்குத் தெரியும், ரேட்டில் மறைத்து எடுப்பது தெரியாது. அதனால் கட்டணம், ரேட் என்று தனித்தனியாகக் கேட்காமல், "இவ்வளவு கட்டினால் வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேரும்?" என்ற ஒரே கேள்வியை ஒரே நாளில், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் கேட்கச் சொல்லுங்கள். 200 டாலர் அனுப்ப உலகச் சராசரியில் 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்று உலக வங்கியின் கணக்கு சொல்கிறது. ரேட் தினமும் குதிக்கும் நாட்களில் நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்புக்காக, சந்தை ரேட்டுக்கும் தாங்கள் தரும் ரேட்டுக்கும் உள்ள இடைவெளியை இன்னும் அகலமாக்கும்.

அரசு ரேட்டுக்கும் வெளிச்சந்தை ரேட்டுக்கும் இடைவெளி பெரிதானால் உண்டியல், ஹவாலா என்று வங்கிக்கு வெளியே பணத்தைச் சேர்ப்பிக்கும் ஆட்கள் வருவார்கள். இலங்கையில் ரேட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இதுதான் நடந்தது. 2020இல் சுமார் 710 கோடி டாலராக இருந்த அதிகாரபூர்வ வரவு, 2021இல் 550 கோடிக்கும் 2022இல் 380 கோடிக்கும் இறங்கியது. ரேட் சந்தைக்கு வந்து நெருக்கடி தணியத் தொடங்கியதும் 2023இல் 600 கோடியை நெருங்கியது. வீட்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது என்று மக்கள் அந்தப் பக்கம் போனதை நான் குற்றமாகப் பேசமாட்டேன், தேவை அப்படி. ஆனால் பணம் வராமல் போனால் காட்ட ரசீது இல்லை, முறையிட இடமும் இல்லை. சட்டச் சிக்கல் பணம் வாங்கியவருக்கும் வரலாம். உண்டியலில் போகும் டாலர் நாட்டுக்குள் வருவதே இல்லை என்பதால் தட்டுப்பாடும் கூடுகிறது.

உங்கள் வீட்டுக்காரர் அடுத்த முறை அனுப்பும்போது ஒன்றைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளட்டும்: ரேட் பணம் கட்டும்போதே உறுதியாகிறதா, உங்கள் கணக்கில் விழும் நாளில் முடிவாகிறதா? பணம் டாலராகவே உங்கள் வங்கிக்கு வந்தால் மாற்றுவது உங்கள் வங்கி, அதன் ரேட்டில், அதன் கட்டணத்தில். கட்டும்போதே உறுதியாகும் இடத்தில், வந்து சேரும் தொகை ரசீதில் அச்சாகியிருக்கும். கணக்கில் விழுந்ததை அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் அந்த ரசீதின் படத்தோடு, அவர் பணம் கட்டிய நிறுவனத்திடமே முதலில் எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.