போட்ட முதலுக்கு லாபம் குறைந்தது மார்ஜினால் அல்ல: திருப்பூர் பெற்றோருக்கு ஒரு பதில்

திருப்பூரில் பின்னலாடை யூனிட் நடத்தும் ஒரு தம்பதி மகளோடு வந்திருந்தார்கள். பிளஸ் டூ வணிகவியல் முடிக்கப்போகிற பெண். வெளிநாட்டில் மூன்று வருஷம் பிசினஸ் டிகிரி படிக்க வைக்கச் சொல்லி தாய்மாமா விடாமல் வற்புறுத்துகிறார். அதற்கு முதல் தவணையாக 40 லட்சத்தைத் தொழிலிலிருந்து எடுப்பதாகத் திட்டம். "போட்ட முதலுக்கு முன்ன மாதிரி வருமானம் இல்லீங்க சார். மார்ஜின் போயிருச்சு. இவ வெளிய படிச்சுட்டு வந்தா பையர்கிட்ட ரேட் பேசிருவான்னு மச்சான் சொல்றாருங்க" என்றார் அப்பா.

கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள். ஆடிட்டர் கொடுத்த இரண்டு பேலன்ஸ் ஷீட்டை அதில் வரிக்கு வரி எழுதி, ஓரத்தில் "சொத்து ஏன் இரண்டு மடங்கு?" என்று கேட்டிருந்தாள். மச்சான் சொன்னதை நான் மறுக்கக் காரணம் அந்த ஒரு வரிதான்.

போட்ட முதலுக்கு என்ன லாபம் என்பதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். டூபாண்ட் கம்பெனியில் டொனால்ட்சன் பிரவுன் என்பவர் 1910-களில் தொடங்கி வைத்த முறை இது. அவர் மார்ஜினையும் சொத்துச் சுழற்சியையும் பெருக்கினார். கடனைக் காட்டும் மூன்றாவது பகுதி பின்னால் சேர்ந்தது. நூறு ரூபாய் விற்றால் கையில் நிற்பது எவ்வளவு என்பது மார்ஜின். ஒரு ரூபாய் சொத்து வருஷத்தில் எத்தனை ரூபாய் விற்பனை கொடுக்கிறது என்பது சுழற்சி. சொந்த முதல் ஒரு ரூபாய்க்கு மொத்தச் சொத்து எவ்வளவு என்பது மூன்றாவது. கடன் கூடினால் இந்த எண்ணும் கூடும்.

அவர்கள் கணக்கை முழு எண்களாக்கிச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் விற்பனை 10 கோடி, நிகர லாபம் 60 லட்சம், சொத்து 5 கோடி, சொந்த முதல் இரண்டரை கோடி. மார்ஜின் 6 சதவீதம், சுழற்சி 2, மூன்றாவது எண்ணும் 2. பெருக்கினால் 24 சதவீதம். இப்போது விற்பனை 12 கோடி, லாபம் அதே 60 லட்சம், சொத்து 10 கோடி, சொந்த முதல் 4 கோடி. மார்ஜின் 5, சுழற்சி 1.2, மூன்றாவது 2.5. பெருக்கினால் 15 சதவீதம்.

ஒவ்வொரு எண்ணாகப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துப் பாருங்கள். மார்ஜினை மட்டும் பழைய 6-க்குக் கொண்டுபோனால் 18 சதவீதம்தான் வரும். சுழற்சியை மட்டும் பழைய 2-க்குக் கொண்டுபோனால் 25 வரும். ஆக, வருமானத்தைத் தின்றது சுழற்சி. கடன் கூடாமல் இருந்திருந்தால் இந்த 15-கூட வந்திருக்காது, 12-தான். கடன் அந்தச் சரிவின் ஒரு பகுதியை மூடி மறைத்திருக்கிறது.

சரி, சொத்து எங்கே வீங்கியது? மெஷினில் ஒரு பகுதி, ஸ்டாக்கில் ஒரு பகுதி. ஆனால் பையர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி ஒன்றரை கோடியிலிருந்து மூன்றரை கோடியாகிவிட்டது. முன்பு சுமார் 55 நாளில் வந்த பணம் இப்போது 106 நாள் இழுக்கிறது. அந்த இடைவெளியை பேங்கின் கேஷ் கிரெடிட் கடன் கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் அப்பா "மார்ஜினும் ஒரு சதவீதம் குறைஞ்சிருக்கே" என்றார். நியாயமான கேள்வி. அதனால் மார்ஜினையும் பிரித்தோம். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் அன்று 1.12 கோடி, இன்று 1.34 கோடி. இரண்டு வருஷமும் விற்பனையில் சுமார் 11 சதவீதம். வட்டிதான் 25 லட்சத்திலிருந்து 47 லட்சமாகியிருக்கிறது. தையலிலும் தப்பு இல்லை, ரேட்டிலும் தப்பு இல்லை. பாக்கி தேங்கியது, அதற்குக் கடன் வாங்கினார்கள், அந்த வட்டி மார்ஜினைக் கடித்தது. மூன்று எண்களும் தனித்தனியாகத் தெரிந்தாலும் ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். இதை விட்டுவிட்டு ரேட் பேசப் போனால், பையர் ரேட்டைக் கூட்டித் தந்துவிட்டு இன்னும் 30 நாள் கடன் கேட்பார்.

இப்போது அந்த 40 லட்சத்துக்கு வருவோம். தொழிலிலிருந்து எடுத்து, அந்தப் பள்ளத்தை பேங்க் கடனால் நிரப்பினால் சொந்த முதல் 3.6 கோடியாகும். புது வட்டியையும் கழித்தால் லாபம் சுமார் 57 லட்சம். வகுத்துப் பாருங்கள், 15 என்பது 16-ஐத் தொடும்! தொழில் பலவீனமாகியிருக்கும், விகிதமோ நன்றாகிவிட்டதாகக் காட்டும். ஒற்றை எண்ணை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இந்த நிலைமையில் அந்தப் பணத்தை எடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மார்ச் 31 அன்று இருந்த சொத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், அந்த வாரம் போன ஒரு பெரிய ஷிப்மெண்ட்டே பாக்கியை ஊதிக்காட்டும். ஆரம்ப இருப்புக்கும் இறுதி இருப்புக்கும் சராசரி எடுப்பது நல்லது. பழைய மெஷினை மாற்றிய வருஷத்தில் சுழற்சி தானாக விழும், அது நோய் அல்ல. நிலத்தை மறுமதிப்பீடு செய்தால் சொந்த முதல் காகிதத்தில் கூடி விகிதம் இறங்கும். குடும்பத் தொழிலில் அப்பா சம்பளமே எடுக்காமல் இருந்தால் லாபம் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். இவற்றைச் சரிசெய்யாமல் பெருக்கிப் பயனில்லை.

அப்படியானால் மகள் என்ன படிக்கலாம்? பி.காம்., சி.ஏ. பற்றி உங்களுக்கே தெரியும். நான் சொல்வது சி.எம்.ஏ. என்ற செலவுக் கணக்குப் படிப்பு. 1959-ல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்த, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் காஸ்ட் அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் நடத்துவது. அமெரிக்க சி.எம்.ஏ. வேறு, விளம்பரத்தில் இரண்டையும் குழப்புகிறார்கள், கவனம். பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன், பிறகு இன்டர்மீடியட், ஃபைனல். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே எழுதலாம். நடுவில் செய்முறைப் பயிற்சி உண்டு. ஒரு டி-ஷர்ட்டில் நூல், டையிங், தையல் கூலி, வீணாகும் துணி என ஒவ்வொன்றும் எவ்வளவு என்று பிரிப்பதும், பணம் எங்கே தேங்குகிறது என்று தேடுவதும்தான் பாடமே. ஓரளவு பெரிய டெக்ஸ்டைல் கம்பெனிகள் காஸ்ட் ரெக்கார்டு வைப்பதும் காஸ்ட் ஆடிட் செய்வதும் சட்டப்படி கட்டாயம், அதனால் வேலையும் இந்த ஊர்ப் பக்கமே இருக்கிறது. இன்ஸ்டிட்யூட்டுக்குக் கட்டும் மொத்தக் கட்டணம் அந்த 40 லட்சத்தின் அருகில்கூட வராது. கடினமான தேர்வுதான், ஒரே முயற்சியில் எல்லா குரூப்பும் தேறாமல் போகலாம். அதற்கு மனம் தயாராக இருக்கட்டும்.

மாமா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் சொத்து ஏன் இரண்டு மடங்கானது என்று அந்த வீட்டில் கேட்ட ஒரே ஆள் இந்தப் பெண். வேறு பக்கம் இழுக்காதீர்கள்.

அடுத்த முறை வரும்போது கட்டணப் பட்டியல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பையர் வாரியாக எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியலை அவளே தயாரித்து எடுத்து வரட்டும். 90 நாள் தாண்டியவை முதல் பக்கத்தில்.