அரபி, ஆங்கிலப் பலகையில் தமிழ் வரி

"சைட் பலகையில் அரபியும் ஆங்கிலமும் இருக்கு. கீழே தமிழ் சேர்த்தா ஒரே விஷயம் ரெண்டு தடவை வருது. வேக அளவும் முரண்படுது."

வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள். ஒரு செய்திக்கு ஒரு தமிழ் வரி போதும். அரபி வரியையும் அதற்கு இணையான ஆங்கில வரியையும் முதலில் ஜோடி சேருங்கள்.

"மம்னூ அத்துகூல்" என்று தொடங்கும் பலகையை எடுத்துக்கொள்வோம். அரபி, "தொடர்பில்லாதவர்கள் நுழையத் தடை" என்கிறது. ஆங்கிலம், "அனுமதி பெற்றவர்கள் மட்டும்" என்கிறது. இரண்டையும் தமிழில் போட்டால் இரண்டு விதிகள் போலத் தெரியும். "அனுமதி இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

வேக அளவு முரண்பட்டது பெரும்பாலும் அரபி எண்ணால்தான். அங்கே ஆறு நம் கண்ணுக்கு 7 மாதிரி இருக்கும். ஐந்து ஒரு சிறு வட்டம், பூஜ்யம் வெறும் புள்ளி. நானும் ஒருமுறை 60-ஐ 70 என்று எழுதிக் கொடுத்து, அச்சுக்குப் போகும் முன் ஒரு பாலஸ்தீன ஃபோர்மன் பார்த்துத் தடுத்தார். எண்ணை இடமிருந்து வலமாகவே படித்து, ஆங்கில எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறமும் இரண்டும் வேறாகவே இருந்தால், தமிழில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, பழைய பலகையைத் திருத்திய பிறகு தமிழைச் சேருங்கள்.