ஒரு காதில் மட்டும் சத்தம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஹெட்போனில் ஒரு காது வேலை செய்யவில்லை. என்ன செய்ய?

எந்தக் காது, எதில் செருகினீர்கள், வேறு கருவியில் சோதித்தீர்களா என்று எதுவுமே எழுதவில்லையே. முதலில் ஒரு போனில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அதே காது ஊமை என்றால் வயர் அறுந்திருக்கிறது, பெரும்பாலும் பின்னை ஒட்டிய இடத்தில்.

பழைய டிவியில் இடது காதில் மட்டும் கேட்கிறது. போனில் இரண்டும் கேட்கிறது. மூன்று அடாப்டர் வாங்கியும் பயனில்லை.

போனில் சோதித்துவிட்டு எழுதியதே பாதி வேலை. உங்கள் டிவியில் இருப்பது மோனோ ஜாக். ஹெட்போன் பின்னின் நுனி இடது காதுக்கு, நடுப்பகுதி வலது காதுக்கு, அடிப்பகுதி எர்த்துக்கு. மோனோ ஜாக் நுனிக்கு மட்டும்தான் சத்தம் தரும், நடுப்பகுதி உள்ளே எர்த்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும், அதனால்தான் வலது காதில் ஒன்றும் வராது.

அடாப்டர் விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. 'மோனோ ஸ்டீரியோ அடாப்டர்' என்று எழுதியிருந்தால் போதும் என்று வாங்கிவிடுகிறார்கள், எந்த முனை எது என்று பார்ப்பதில்லை. இதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் நேர்எதிர். டிவிக்குள் போகும் பின்னில் கருப்பு வளையங்களை எண்ணுங்கள். ஒன்று என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ, மூன்று என்றால் மைக்கும் சேர்ந்தது. உங்களுக்கு வேண்டியது டிவி பக்கம் ஒரே வளையம், ஹெட்போன் பக்கம் ஸ்டீரியோ ஓட்டை. அது ஒரே சத்தத்தை இரண்டு காதுக்கும் பிரித்துக் கொடுக்கும். இசை இடம் வலமாகப் பிரியாது, ஜாக்கிலேயே அது இல்லை. உங்களிடம் உள்ள மூன்றையும் எடுத்து எண்ணிப் பாருங்கள், இரண்டு வளையம் உள்ளவை எல்லாம் எதிர்வகை.

அப்புறம், அந்த அடாப்டரை ஸ்டீரியோ ஜாக் உள்ள புதிய டிவியில் செருகாதீர்கள். வலது சேனல் நேராக எர்த்தில் ஷார்ட் ஆகும்.

செட்டிங்கில் மோனோவை ஆன் செய்தேன். வலது காது இன்னும் வரவில்லை.

வராது. அந்த செட்டிங் இரண்டு சேனலையும் கலந்து இரண்டு பக்கமும் அனுப்பும், அவ்வளவுதான். வலது பக்கம் தொடுப்பே இல்லாதபோது அனுப்பி என்ன பயன்? பேலன்ஸ் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

ஹெட்போன் ஜாக் உள்ள டிவி ரிமோட்டில் செருகினால் இரண்டு காதிலும் இசை வருகிறது, பேச்சுக்குரல் மட்டும் காணவில்லை.

எர்த் தொடவில்லை. அப்போது இரண்டு காதும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்து, நடுவில் வரும் குரலை அழித்துவிடும். பின்னை 'டக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள், ஓட்டையில் பஞ்சு அடைத்திருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு மரக்குச்சியால் மெல்ல எடுங்கள். மைக் உள்ள இயர்போன் என்றால் அதன் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். குரல் திரும்பினால், அந்த ரிமோட்டுக்கு மூன்று வளைய பின் ஒத்துவரவில்லை. இதற்கும் அதே பேச்சுதான், வளையத்தை எண்ணி இரண்டு உள்ளதாக வாங்குங்கள்.