இரண்டு முறை படித்தீர்கள், எதைப் படித்தீர்கள்?

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நாங்கள் நான்கு பிள்ளைகள். மூன்று வாரமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 900 செய்திக்கு மேல் பேசியிருக்கிறோம். தங்கை அதை ஒரே பக்கமாகச் சுருக்கி அனுப்பினாள். நானும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன், தெளிவாகத்தான் இருக்கிறது. அம்மா அறையில் அதை ஒட்டப்போகிறோம். எண்ணோ தேதியோ முடிவோ எதுவும் விட்டுப்போகவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அரட்டையில் ஒரு பகுதியையும் தங்கை எழுதிய பக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: "இரண்டு முறை படித்துப் பார்த்தேன்" என்கிறீர்கள். எதை? தங்கை எழுதிய பக்கத்தை. அவள் விட்டது அந்தப் பக்கத்தில் இருக்காதே, இருபது முறை படித்தாலும் எப்படிக் கண்ணில் படும்? எழுத்து தெளிவாக இருப்பதை வைத்து விஷயம் முழுமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டீர்கள். 900 செய்தியையும் மேய்ந்து ஒரு பக்கமாக்கியவள் தங்கை. சரிபார்ப்பதாவது உங்கள் பங்காக இருக்கட்டும். அவளையே மறுபடி பார்க்கச் சொல்லாதீர்கள். எழுதியவருக்கு விட்ட இடத்தை நினைவு தானாக நிரப்பிவிடும்.

முதலில் அந்தப் பக்கத்தை மூடி வையுங்கள். அரட்டையை முதல் செய்தியிலிருந்து, நூறு நூறு செய்தியாக, ஒரு நோட்டோடு படியுங்கள். எண், நாள், முடிவு என எது வந்தாலும் ஒரு வரி. அனுப்பியவர், அனுப்பிய தேதி, நேரம், அவர் எழுதிய சொற்கள் அப்படியே. தேடுபெட்டியில் எண்களைத் தட்டித் தேடினால் போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் யாரும் எண்ணை எண்ணாக எழுதுவதில்லை. அரை, ஒன்றரை, பத்து, ஒரு வேளை என்றுதான் எழுதுகிறோம். அரட்டையைக் கோப்பாக ஏற்றுமதி செய்து பார்த்தாலோ ஒவ்வொரு செய்தியின் தலையிலும் தேதியும் நேரமும் இருக்கும், எல்லாமே எண்ணாகத்தான் தெரியும். படங்களைச் சேர்க்காமல் ஏற்றுமதி செய்தால், படமோ குரல் பதிவோ இருந்த இடத்தில் `<Media omitted>` என்றோ அதுபோன்ற ஒரு வரியோ மட்டும் நிற்கும். மருந்துச் சீட்டைப் படமெடுத்துத்தானே போடுகிறோம்? அந்த வரி வரும் இடமெல்லாம் கைப்பேசியைத் திறந்து படத்தைப் பாருங்கள், குரலைக் கேளுங்கள்.

நோட்டு முடிந்த பிறகு பக்கத்தைத் திறந்து, நோட்டின் ஒவ்வொரு வரிக்கும் அதில் இடம் தேடுங்கள். "இருக்கிறது", "இல்லை", "மாறியிருக்கிறது" என்று மூன்றில் ஒரு குறி போடுங்கள். பிறகு எதிர்த்திசையில், பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் நோட்டில் ஆதாரம் தேடுங்கள். முதல் திசையில் விட்டுப்போனது தெரியும், இரண்டாவதில் யாரும் சொல்லாமல் நுழைந்தது தெரியும். மூன்று குறிகளில் எனக்குப் பயம் "மாறியிருக்கிறது" மேல்தான். இல்லாததை யாராவது கேட்டுவிடுவார்கள். தப்பாக எழுதியிருப்பதை யாரும் கேட்க மாட்டார்கள், அப்படியே செய்வார்கள்.

நீங்கள் அனுப்பிய பகுதியிலேயே அது இருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை பற்றி அக்கா எழுதியது: "நாளைலேர்ந்து பத்து நாளைக்கு, ராத்திரி ஒண்ணு." செய்தியில் உள்ள நேரம் மார்ச் 10, திங்கள், இரவு 12:25. தங்கை எழுதியது: "மார்ச் 11 முதல் 21 வரை, இரவு 1."

நள்ளிரவு தாண்டித் தூங்காமல் எழுதுகிறவருக்கு "நாளை" என்பது விடியப்போகும் பொழுது. கைப்பேசிக்கோ தேதி மாறி 25 நிமிடம் ஆகிவிட்டது. அக்கா சொன்ன நாளை மார்ச் 10தான் என்பதற்குச் சாட்சியும் அங்கேயே இருக்கிறது. அன்றிரவு 9:10க்கு "முதல் மாத்திரை கொடுத்தாச்சு" என்று அவரே எழுதியிருக்கிறார். நாளை, மறுநாள், அடுத்த செவ்வாய் என்று எங்கே வந்தாலும் இப்படி அனுப்பிய நேரத்தையும் அடுத்து வந்த செய்திகளையும் பார்த்துத் தேதியாக்குங்கள். தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் எங்கோ தப்பு என்று உடனே தெரியும்.

அடுத்தது எண்ணிக்கை. 10ஆம் தேதி தொடங்கினால் பத்தாவது நாள் 19. தொடங்கிய நாளும் ஒரு நாள். தங்கை 11ஓடு பத்தைக் கூட்டி 21 என்று போட்டுவிட்டாள். பக்கத்தை நம்பிக் கொடுத்தால் அம்மா மொத்தம் 12 இரவு அந்த மாத்திரையைச் சாப்பிடுவார். விரல்விட்டு எண்ணுங்கள், கூட்டிப் பார்க்காதீர்கள். மருந்து விஷயத்தில் நோட்டோடும் நிற்காதீர்கள். மருந்தின் பெயர், அளவு, நாள் மூன்றையும் மருத்துவர் சீட்டோடு ஒப்பிடுங்கள். அக்காவே சீட்டைத் தப்பாகப் படித்திருந்தால், அரட்டையோடு பொருந்தும் பக்கமும் தப்புதான்.

பின்னால் மாறிய எண்களையும் கவனியுங்கள். உடற்பயிற்சி முதலில் "மூணு வேளை", நான்கு நாள் கழித்து "ரெண்டு வேளை போதும்னு பயிற்சியாளர் சொல்லிட்டாங்க". பக்கத்தில் 3 இருக்கிறது. நோட்டில் ஒரே விஷயத்துக்கு இரண்டு வரி வந்தால் பழையதை அடித்து, "மாற்றியவர் இன்னார், இந்த நாளில்" என்று அதன் அருகில் எழுதுங்கள்.

அடுத்தது, முடிவு என்று எழுதியிருப்பவை. "அடுத்த வாரம் இரவுத் துணைக்கு அண்ணன்" என்று பக்கத்தில் இருக்கிறது. அரட்டையில் தங்கை கேட்கிறாள்: "அடுத்த வாரம் ராத்திரி துணைக்கு அண்ணன் வர முடியுமா?" அண்ணன் பதில்: "பார்க்கலாம்மா." அதற்குப் பிறகு அவர் போட்ட கட்டைவிரல், அம்மா நடக்கும் படத்துக்கு. துணைக்கு வருவதற்கு இல்லை. பார்க்கலாம் என்பது முடிவில்லை. முடிவு என்று நோட்டில் ஏற வேண்டுமானால் யார், எதை, எந்த நாளிலிருந்து என்ற மூன்றும் இருக்க வேண்டும், அந்த ஆளே தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும். "சரி"யும் கட்டைவிரலும் எந்தச் செய்திக்குப் பதிலாக வந்தன என்று தொட்டுப் பாருங்கள்.

இன்னொரு வரி: "பகலில் மாறி மாறிப் பார்த்துக்கொள்வதென்று முடிவானது." யார் மாறி யார்? பெயர் இல்லாத கடமை கடைசியில் யார் தலையில் விழும் என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்து இந்தப் பக்கத்தை எழுதியவள் தலையில்தான். நால்வரைப் பெற்றவருக்கு முறை வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. முறையைப் பெயர் போடாமல் எழுதுவதுதான் தப்பு, அதைக் கண்டுபிடிக்காமல் தெளிவாக இருக்கிறது என்பது அதைவிடத் தப்பு.

எத்தனை சதவீதம் சரி என்று கணக்குப் பார்க்க வேண்டாம். நோட்டில் ஐம்பது வரி இருந்து ஒன்று "மாறியிருக்கிறது" என்றாலும் அதைத் திருத்தும் வரை ஒட்டாதீர்கள். மாத்திரையைச் சீட்டைப் பார்த்து மார்ச் 19, புதன் வரை என்று திருத்துங்கள். பயிற்சி இரண்டு வேளை. துணை விஷயத்தைக் குழுவில் போடாமல் அண்ணனைக் கூப்பிட்டு, எந்த இரவிலிருந்து எந்த இரவு வரை வருகிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குழுவில் எழுதி, அவரையே அந்தச் செய்திக்குப் பதில் போடச் சொல்லுங்கள். அதுவரை அந்த வரியில் "இன்னும் முடிவாகவில்லை" என்றே இருக்கட்டும். பக்கத்தின் தலையில், எந்தத் தேதி வரையான அரட்டைக்கு இது சுருக்கம், யார் சரிபார்த்தது என்று எழுதி, உங்கள் பெயரைப் போடுங்கள்.