விலக்கில் இறங்காதீர்கள்

"ஐயா, தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், எங்கள் குலதெய்வக் கோயிலில் படைப்பு. சென்னையிலிருந்து நானும் மனைவியும் 70 வயது அம்மாவும் வருகிறோம். திருமயம் தாண்டி காரைக்குடி ரோட்டில் ஒரு விலக்கில் ஆம்னி பஸ் அதிகாலை ஐந்து மணிக்கு இறக்கிவிடும். அங்கிருந்து ஊர் 9 கிலோமீட்டர் உள்ளே. காலை 7.40, மதியம் 1.15, சாயங்காலம் 5.30, ராத்திரி 8.30 என்று நாலு பஸ்தான் உள்ளே போகுமாம். ஜீப்காரர் 600 ரூபாய் கேட்கிறார். கண்மாய் வழியாக நடந்தால் ஐந்தே கிலோமீட்டர் என்று மேப் காட்டுகிறது. எதை நம்பி வருவது?" (சென்னை வாசகர் ஒருவர்)

காலை பஸ்ஸை நம்பி வாருங்கள். ஆனால் விலக்கில் இறங்காதீர்கள். அந்த ஆம்னி பஸ்ஸிலேயே காரைக்குடி வரை போய், பஸ் ஸ்டாண்டில் காபி குடித்துவிட்டு, டவுன் பஸ் கிளம்புகிற இடத்திலேயே ஏறுங்கள். வந்த வழியில் திரும்பப் போவது வீண் அலைச்சலாகத் தெரியும். முப்பது வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்து எழுதியவன் சொல்கிறேன், பஸ் வராத நாளில் அந்த அலைச்சல் உங்களுக்கு மூன்று மணி நேரக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு டவுன் பஸ் ஒரு முறை போவதை நாங்கள் 'சிங்கிள்' என்போம். ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு இத்தனை சிங்கிள் என்று ஷெட்யூல் இருக்கும். வண்டி பிரேக்டவுன் ஆனாலோ டிரைவர் லீவு போட்டாலோ ஏதாவது ஒரு சிங்கிளை 'கட்' செய்வார்கள். எதைக் கட் செய்வார்கள்? கூட்டம் குறைந்ததைத்தான். மதியம் 1.15 வண்டியில் ஆறு பேர் இருப்பார்கள், ஆகவே அதுதான் முதலில் போகும். கட் ஆனது பஸ் ஸ்டாண்டில் இருக்கிற டைம் கீப்பருக்கு உடனே தெரியும். விலக்கில் நிற்கிற உங்களுக்கு யார் சொல்வார்கள்? ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒரு பலகைகூடக் கிடையாது. நிழற்குடையில் கால அட்டவணை எழுதிவைக்கச் சொல்லி நான் எத்தனை தடவை மனு எழுதினேன் என்று எண்ணிப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது. அட்டவணைக்குப் பதிலாக நிழற்குடைக்குப் பெயிண்ட் அடித்தார்கள்.

ஒருமுறை முறுக்கு டின்னோடு ஒரு ஆச்சி மூன்று மணி நேரம் விலக்கில் காத்திருந்தார். கடைசியில் எதிர்த் திசையில் போன லாரியில் ஏறி, எங்களிடமே வந்து கேட்டார். அன்றைக்கு அந்த சிங்கிளைக் கட் செய்து ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் கோடு போட்டவன் நான்தான். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் வருவது பொங்கல் முடிந்த வாரம் என்பதையும் கவனியுங்கள். ஊருக்கு வந்த ஜனம் முழுக்கச் சென்னைக்குத் திரும்புகிற நேரம். சிறப்புப் பேருந்துக்கு வண்டியும் ஆளும் இழுப்பார்கள். ஸ்பேர் என்று நிற்க வேண்டிய வண்டி எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கட் ஆவது வழக்கத்தைவிட அதிகம்.

உங்களுக்குச் சொன்ன நாலு பஸ்ஸில் எது உறுதியானது என்று கேட்டால், ராத்திரி 8.30 வண்டி. அது ஊரிலேயே தங்குகிற 'ஹால்ட்' பஸ்ஸாக இருக்கும். விசாரித்துப் பாருங்கள், விடிகாலையில் ஊரிலிருந்து முதலில் வெளியே வருவதும் அதே வண்டிதான். ராத்திரி அது போகவில்லை என்றால் காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் வண்டி இல்லை, ஊர் ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் அதில் கை வைக்கமாட்டார்கள். அதற்கு அடுத்து உறுதியானது காலை 7.40. மற்ற இரண்டையும் வந்தால் வரவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7.40 என்பது விலக்கில் பஸ் நிற்கும் நேரம். காரைக்குடியில் ஏழு மணி சுமாருக்குக் கிளம்பும். நீங்கள் ஐந்தரைக்கே அங்கே போய்விடலாம். டைம் கீப்பர் அறையில் ஊர்ப் பெயரைச் சொல்லி, "காலை சிங்கிள் இன்னைக்கு உண்டா?" என்று கேளுங்கள், அவ்வளவு போதும். உண்டு என்றால் அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் சீட் கிடைக்கும். விலக்கில் ஏறினால் ஒற்றைக் காலில் நிற்க வேண்டியதுதான். முகப்பில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்று எழுதியிருக்கும் டவுன் பஸ் என்றால் அம்மாவுக்கும் உங்கள் மனைவிக்கும் காசு இல்லை. இது 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஊர்ப் பெயரைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டில் பெயருக்கு முன்னால் இருக்கிற ஓர் எழுத்தை விட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள். ஓ.சிறுவயல் வேறு, அரண்மனை சிறுவயல் வேறு, மஞ்சுவிரட்டுக்குப் பெயர் போன சிராவயல் வேறு. அவசரத்தில் கேட்டால் மூன்றும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். ரயிலில் வருகிறவர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கி, தேவகோட்டை வந்துவிட்டது என்று மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரஸ்தாவிலிருந்து தேவகோட்டைக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.

சரி, ஜீப். விலக்கில் டீக்கடையை ஒட்டி ஒருவர் நிற்பார். வண்டி அவருடையதாக இருக்காது. நீங்கள் பையோடு இறங்கியதுமே, "காலை பஸ் கட்டாயிருச்சு சார், இனிமே மதியம்தான்" என்பார். கட் ஆனது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆள் ஏற்றிவிட்டால் ஜீப்காரரிடம் அவருக்குக் கமிஷன் உண்டு, அதுதான் அவருக்குத் தெரியும். டீக்கடைக்காரரிடம் கேட்டாலும் அதே பதில்தான் வரும், ஏனென்றால் ஜீப் நிறையும்வரை நீங்கள் காத்திருந்தால் அவருக்கும் இரண்டு டீ விற்கும். யாரிடமும் கேட்காதீர்கள், சுற்றிப் பாருங்கள். கூடையோடு நாலு பெண்களும் யூனிஃபார்மில் பிள்ளைகளும் நின்றால் பஸ் உண்டு. நிழற்குடை காலியாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஜீப் பேச வேண்டி வந்தால் முதல் கேள்வி, "ஆளுக்கா, வண்டிக்கா?" என்பது. ஷேர் ஜீப்பில் ஆளுக்கு இவ்வளவு என்று ஊர்க்காரர்கள் கொடுக்கிற ரேட் ஒன்று உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் எவ்வளவு கொடுக்கிறார் என்று பார்த்து அதையே கொடுங்கள். அந்த வண்டி ஆள் நிறையாமல் கிளம்பாது. "இன்னும் ஒரு ஆள்தான்" என்பது அரை மணி நேரம் நீளும். 600 என்றால் அது முழு வண்டிக்கு. அப்படியானால் வழியில் வேறு ஆளை ஏற்றக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களிடம் 600 வாங்கிக்கொண்டு வழியில் ஐந்து பேரை ஏற்றி அவர்களிடமும் வாங்குவது இங்கே சகஜம். இன்னொன்று, கோயில் வாசல் வரையா, ஊர் மந்தை வரையா என்பதைப் பேசி முடியுங்கள். மந்தையில் நிறுத்திவிட்டு, "கோயிலுக்கு மண் ரோடு சார், நூறு ரூபா சேர்த்துக் கொடுங்க" என்பார்கள்.

நம்பர் பிளேட்டையும் பாருங்கள். மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்ற வண்டி. வெள்ளைப் பிளேட் சொந்த உபயோக வண்டி. காசு வாங்கிக்கொண்டு அதில் ஆள் ஏற்றி விபத்து நடந்தால், இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க அதுவே சாக்கு. ஒன்பது கிலோமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம், அம்மா வருகிறார்.

இதற்கெல்லாம் விதிவிலக்கு ஒன்று உண்டு, அது சந்தை நாள். பக்கத்தில் எந்த ஊரில் என்றைக்குச் சந்தை என்று கோயில் பூசாரியிடம் போனில் கேளுங்கள். சந்தைக் கிழமை காலையில் உள்ளூர் ஜீப்பெல்லாம் காய்கறிக் கூடையும் கோழியுமாக நிரம்பி வெளியே வரும். இறக்கிவிட்டு அடுத்த நடைக்கு ஆள் எடுக்க உள்ளே காலியாகத்தான் திரும்பும். காலியாகப் போகிற வண்டிக்குக் கிடைத்தது லாபம், அதனால் அன்றைக்கு ஆறு, ஏழு மணிக்கு ஆள் ரேட்டிலேயே ஏறலாம், காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அதே நாள் மத்தியானம் கதை தலைகீழ். சந்தை கலைந்து எல்லோரும் சாமானோடு ஊர் திரும்புவார்கள், உள்ளே போகிற ஜீப்பில் காலை வைக்க இடம் இருக்காது, ஏணியில் தொங்குவார்கள். உள்ளேயிருந்து வெளியே வருகிறவர்களுக்கோ அந்த நேரம்தான் காலி ஜீப். படைப்பு முடிந்து சாப்பிட்டுவிட்டு இரண்டரை, மூன்று மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு இதைவிட வசதி இல்லை. சந்தை இல்லாத நாளில் அந்த நேரத்துக்கு ஊரில் ஜீப்பே இருக்காது. நீங்கள் வருகிற நாள் சந்தை நாளா என்பதைப் பொறுத்துத்தான் திரும்பும் வழியை முடிவு செய்ய வேண்டும். சந்தை இல்லையென்றால் காலையில் கொண்டுவிடுகிற ஜீப்காரரையோ ஊர்க்காரர் யாரையோ திரும்பவும் வரச் சொல்லிப் பேசுங்கள். அட்வான்ஸ் கொடுங்கள், முழுப் பணம் விலக்கில் இறங்கிய பிறகு. அதுவும் தோதுப்படாவிட்டால் சொந்தக்காரர் வீட்டில் தங்கி விடிகாலை ஹால்ட் பஸ்ஸில் வாருங்கள். தையில் திண்ணையில் நல்ல குளிர்ச்சியாக இருக்கும், அம்மாவுக்குப் போர்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நடை. வேண்டாம். மேப்பில் கண்மாய்க்குள் ஒரு கோடு போகிறதே, அது கோடையில் தண்ணீர் வற்றிய பிறகு மாடு போய்ப் போய் விழுந்த தடம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் தையில் அந்தத் தடத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். வற்றியதுபோலத் தெரிகிற இடத்திலும் மேலே காய்ந்த பொருக்கு, கீழே சேறு, கால் முழங்கால் வரை இறங்கும். அப்புறம் கரை மேல் சுற்றினால் ஐந்து ஏழாகும். கலுங்கில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் கரையிலும் தாண்ட முடியாது, வந்த வழியே திரும்ப வேண்டும். கரை நெடுகக் கருவேலமுள். ரப்பர் செருப்பைக் குத்திக்கொண்டு உள்ளங்காலில் ஏறும். எங்கள் ஊர்க்காரர்கள் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநி வரை நடக்கிறார்களே என்று கேட்பீர்கள். அது தார் ரோடு, முன்னும் பின்னும் ஆள், வழியெல்லாம் மோரும் சோறும்.

நடந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், காரைக்குடி டைம் கீப்பரிடமே கேளுங்கள், உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் வரைக்கும் வேறு ரூட்டில் எந்த பஸ் போகிறது என்று. உங்கள் ஊருக்கு நாலு பஸ் என்றால் அடுத்த ஊருக்கு எட்டு இருக்கலாம். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தார் ரோடு என்றால், அம்மா நடையில் முக்கால் மணி நேரம். பத்து மணிக்கு முன்னால் என்றால் சரி, அதற்கு மேல் பொட்டலில் நிழலே இருக்காது. தண்ணீர் பாட்டிலை விலக்குக் கடையில் வாங்காமல் காரைக்குடியிலேயே வாங்கிவிடுங்கள்.