இரண்டு கம்பெனியிலும் டிடிஎஸ் இல்லை, ரீஃபண்ட் வருமா?

கேள்வி: 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பழைய கம்பெனியில் மாதம் ஒரு லட்சம் வாங்கினேன். அக்டோபரில் வேலை மாறி, இப்போது மாதம் ஒன்றரை லட்சம். புதிய வரிமுறைதான். இரண்டு இடத்திலும் டிடிஎஸ் பிடிக்கவில்லை. ரீஃபண்ட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். டிசம்பர் சம்பளம் வருவதற்குள் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: அந்த ஏஜென்ட்டை முதலில் விட்டுவிடுங்கள். பிடிக்காத வரியை யாராலும் திருப்பி வாங்க முடியாது. உண்மையில் நீங்கள்தான் ₹97,500 கட்ட வேண்டியிருக்கிறது.

பழைய கம்பெனி உங்கள் ஆண்டுச் சம்பளத்தை 12 லட்சம் என்று கணித்தது. நிலையான கழிவு ₹75,000 போக 11.25 லட்சம். 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் ஒன்றும் பிடிக்கவில்லை. புதிய கம்பெனிக்குத் தெரிந்தது ஆறு மாதச் சம்பளமான 9 லட்சம் மட்டும். அதுவும் அதே கழிவைக் கொடுத்து, வரி இல்லை என்று விட்டுவிட்டது. ஆனால் வரி இரண்டையும் கூட்டித்தான். 15 லட்சத்தில் ஒரே ஒரு முறை ₹75,000 கழித்தால் 14.25 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு ₹20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு ₹40,000, மீதி 2.25 லட்சத்துக்கு 15 சதவீதம், அதாவது ₹33,750. மொத்தம் ₹93,750. அதன் மேல் 4 சதவீத செஸ்.

இரண்டு கம்பெனியும் ஒரே பான் எண்ணில்தான் வருமான வரித்துறைக்குக் கணக்குக் கொடுக்கின்றன. இருந்தும் புதிய கம்பெனிக்குப் பழைய சம்பளத்தைச் சொல்லும் வேலை உங்கள் தலையில். இத்தனை கணினி வந்த பிறகும் இது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம்தான்.

சரி, இப்போதே படிவம் 12பி-யில் பழைய சம்பளத்தை எழுதி, புதிய கம்பெனியின் சம்பளப் பிரிவில் கொடுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு சம்பளத்தில் மாதம் ₹24,375 பிடிப்பார்கள், கணக்கு முடிந்துவிடும். அவர்கள் மறுத்தால் வருமான வரி இணையதளத்தில் முன்கூட்டிய வரியாக நீங்களே கட்டுங்கள். டிசம்பர் 15-க்குள் 75 சதவீதம், மார்ச் 15-க்குள் முழுவதும். இந்த வழியில் ஜூன், செப்டம்பர் தவணைகள் தவறியதற்கு வட்டி வரும். அதனால்தான் 12பி மேல் என்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு, பலரும் இதில் குழம்புகிறார்கள். கழிவுக்குப் பிறகு வருமானம் 12 லட்சத்தை லேசாகத் தாண்டினால் முழு வரி கிடையாது. உதாரணமாக 12.20 லட்சம் என்றால் வழக்கமான வரி ₹63,000. ஆனால் தாண்டிய ₹20,000-க்கு மேல் வரி கேட்க மாட்டார்கள், செஸ் மட்டும் சேரும். சுமார் 12.7 லட்சம் வரை இந்தச் சலுகை நிற்கும். 14.25 லட்சத்துக்கு இது பொருந்தாது, பொருந்தும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ரீஃபண்டில் பங்கு கேட்கும் ஏஜென்ட்டுகள் பழைய வரிமுறைக்கு மாற்றி, கொடுக்காத வாடகையையும் நன்கொடையையும் எழுதிவிடுவார்கள். பொய்க் கழிவு என்று தெரிந்தால் ஏய்த்த வரியின் 200 சதவீதம் வரை அபராதம், அதுவும் உங்கள் பெயரில். மே மாதக் கடைசி அல்லது ஜூனில் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து, புதிய கம்பெனி பிடித்த தொகை அப்படியே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் ரிட்டர்ன் போடுவதற்கு முன் சம்பளப் பிரிவில் கேளுங்கள்.