வெண்குறுமீனின் எல்லை: 32உம் 16உம்

வணக்கம் ஐயா,

எரிபொருள் தீர்ந்த விண்மீனின் எஞ்சிய நடுப்பகுதியான வெண்குறுமீன், சூரியனின் 1.4 மடங்குக்கு மேல் திணிவோடு இருக்க முடியாது என்று படித்தேன். பாரம் கூடினால் அது நெருங்கும், நெருங்கினால் இலத்திரன்கள் இன்னும் பலமாகத் தள்ளும். அப்படியானால் இன்னும் கொஞ்சம் சிறுத்து ஓரிடத்தில் நின்றுகொள்ள வேண்டியதுதானே? உயர்தரத்தில் படிக்கும் மகள் கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ந., உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள ந.,

மகளின் யோசனை பிழையில்லை. திணிவு குறைந்த வெண்குறுமீன்கள் எல்லாம் அப்படித்தான் சிறுத்து, ஓரிடத்தில் நின்றுகொள்கின்றன. கேள்வி, அந்தத் தந்திரம் ஏன் ஒரு கட்டத்தில் கைவிடுகிறது என்பதுதான். ஒரு சின்னக் கணக்கில் இது தெரிந்துவிடும், மகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் ஈர்ப்பின் பக்கம். ஒரு வெண்குறுமீனின் திணிவை அப்படியே வைத்து, ஆரையை மட்டும் பாதியாக்குங்கள். ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு, ஆகவே 4 மடங்காகிறது. அந்த விசை அழுத்தும் பரப்பும் நாலில் ஒன்றாகிவிட்டது. இரண்டும் சேர்ந்து, விண்மீனைத் தாங்கிப் பிடிக்கத் தேவையான அமுக்கம் 16 மடங்காகிறது.

இனி இலத்திரன்களின் பக்கம். இங்கே தள்ளுவது வெப்பமல்ல. ஒரே நிலையில் இரண்டு இலத்திரன்கள் இருக்க முடியாது என்பது பௌலியின் தவிர்ப்புத் தத்துவம். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் எவ்வளவு குறுகுகிறதோ, அவ்வளவுக்கு அதன் உந்தம் கூடியே ஆக வேண்டும் என்பது ஐசன்பேர்க்கின் விதி. விண்மீன் முழுக்கக் குளிர்ந்து போனாலும் இந்தத் தள்ளுதல் நிற்காது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆரை பாதியானால் கனவளவு எட்டில் ஒன்று, ஒரு கன சென்ரிமீற்றரில் இருக்கும் இலத்திரன்கள் 8 மடங்கு. அவற்றுக்கிடையே உள்ள தூரம் பாதி, ஆகவே ஒவ்வொன்றின் உந்தமும் 2 மடங்கு. உந்தம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும். அமுக்கம் என்பது இந்த மூன்றின் பெருக்கம்: எத்தனை இலத்திரன், எவ்வளவு உந்தம், எவ்வளவு வேகம். 8 × 2 × 2 = 32.

தேவை 16 மடங்குதான் கூடியது, கிடைப்பது 32. சுருங்கச் சுருங்க இலத்திரன்களின் கை ஓங்குகிறது. அதனால்தான் பாரம் ஏற்றினால் விண்மீன் கொஞ்சம் சிறுத்து, சமநிலையைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது.

ஆனால் வேகம் எப்போதும் இரட்டித்துக்கொண்டே போக முடியாது. ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2 தொன் என்ற அடர்த்தியை எட்டும்போது, வேகமான இலத்திரன்கள் ஒளியின் வேகத்தில் 70 வீதத்தைத் தொட்டுவிடுகின்றன. அதற்கு மேல் நெருக்க நெருக்க உந்தம் கூடும், வேகம் அவ்வளவாகக் கூடாது. ஒளியின் வேகத்தைத் தாண்ட வழியில்லை. அப்போது கணக்கு 8 × 2 = 16 மட்டும்தான்.

தேவையும் 16, கிடைப்பதும் 16. எவ்வளவு சுருங்கினாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறுவதால், சுருங்குவதில் இலாபமே இல்லாமல் போகிறது. ஆரை கணக்கிலிருந்தே கழன்றுவிட்டது, மிஞ்சியிருப்பது திணிவு மட்டும். திணிவை இரட்டித்தால் ஈர்ப்பின் தேவை 4 மடங்கு, இந்த வேகமான இலத்திரன்களின் அமுக்கமோ ஏறத்தாழ 2.5 மடங்குதான் கூடும். ஆகவே ஏதோ ஒரு திணிவில் மட்டும் இரண்டும் சரியாகச் சமப்படும். அதைவிடக் கூடினால் எந்த அளவுக்குச் சிறுத்தாலும் ஈர்ப்புத்தான் வெல்லும். அந்தத் திணிவுதான் எல்லை.

மெதுவான இலத்திரன்களுக்கான கணக்கை 1926இலேயே ஆங்கில இயற்பியலாளர் பவுலர் போட்டுவிட்டார். 1930இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போன 19 வயதுச் சந்திரசேகர், அதில் ஒளிவேகத்தின் தடையைச் சேர்த்தார். ஸ்ரோனர், அண்டர்சன் என்ற இரண்டு இயற்பியலாளர்களும் இந்த எல்லையின் வாசல்வரை அதற்கு முன்பே வந்திருந்தார்கள். நம்மவர்கள் அவர்களை அவ்வளவாகச் சொல்வதில்லை.

இது தாளில் மட்டும் இருக்கும் கணக்கா என்று மகள் கேட்கலாம். பார்த்துச் சொல்ல முடியும். எரிடானஸ் மண்டலத்தில் 40 எரிடானியின் துணை வெண்குறுமீனுக்குத் திணிவு சூரியனின் 0.57 மடங்கு, ஆரை ஏறத்தாழ 9,100 கிலோமீற்றர். மழை விட்ட பிறகு மாசி மாத இரவுகளில் உப்புவெளிக் கரையில் நின்றால் தெற்கு வானில் பளிச்சென்று தெரிவது சிரியஸ். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அதன் துணை சூரியனின் 1.02 மடங்கு. மெதுவான இலத்திரன் கணக்கின்படி அதன் ஆரை 7,500 கிலோமீற்றர் அளவில் இருக்க வேண்டும், உண்மையில் அளந்தால் ஏறத்தாழ 5,800. பூமியைவிடச் சிறியது. அதன் சராசரி அடர்த்தியே கன சென்ரிமீற்றருக்கு இரண்டரைத் தொன்னளவு, அதாவது வேகத் தடை ஏற்கெனவே கடிக்கத் தொடங்கிவிட்டது. 2021இல் அறிவிக்கப்பட்ட இன்னொன்றுக்குத் திணிவு ஏறத்தாழ 1.33 மடங்கு. பழைய கணக்கு 6,900 கிலோமீற்றர் என்கிறது, அளந்தது 2,100 சொச்சம். சந்திரனைவிடக் கொஞ்சம்தான் பெரியது. எல்லையை நெருங்க நெருங்க ஆரை இப்படித்தான் சரிகிறது.

சரி, எல்லையைத் தொட்டால் என்ன? பெரும்பாலான வெண்குறுமீன்கள் காபனும் ஒட்சிசனும் சேர்ந்தவை. பக்கத்துத் துணையிலிருந்து வாயுவை இழுத்து அவை கொழுக்கும்போது, எல்லைக்குச் சற்று முன்பே நடுவில் காபன் பற்றிக்கொள்கிறது. சாதாரண விண்மீனில் வெப்பம் கூடினால் அமுக்கம் கூடும், வாயு விரிந்து ஆறும், எரிதல் தணியும். இங்கே அமுக்கத்துக்கு வெப்பத்தோடு சம்பந்தம் இல்லை என்று சொன்னேனே, அதனால் அந்தத் தணிப்பு வேலை செய்யாது. வெப்பம் எரிதலைக் கூட்டும், எரிதல் வெப்பத்தைக் கூட்டும். ஓரிரு செக்கனில் விண்மீன் முழுவதும் சிதறிப்போகிறது, நடுவில் ஒன்றும் மிஞ்சாது. சூரியனின் பாதித் திணிவுக்கும் மேலான நிக்கல் பிறந்து, அது கோபாற்றாகவும் பிறகு இரும்பாகவும் சிதைவதுதான் மாதக்கணக்கில் நாம் பார்க்கும் வெளிச்சம். 1572இல் டைக்கோ பிராகே கண்டது அப்படி ஒன்று. எல்லா வெடிப்பும் எல்லையைத் தொட்டதால்தான் என்று பாடநூல்கள் எழுதுவதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு வெண்குறுமீன்கள் மோதியும், எல்லைக்கு நன்றாகக் கீழேயே மேலோடு பற்றியும் வெடிப்பவை உண்டு.

ஒட்சிசனும் நியோனும் சேர்ந்த வெண்குறுமீன் என்றால் கதை வேறு. நெருக்கம் கூடும்போது கருக்கள் இலத்திரன்களை விழுங்கத் தொடங்கும். தாங்கி நின்றவையே குறைந்துபோவதால், எரிதல் முந்தாவிட்டால் அது உள்ளே இடிந்து நியூத்திரன் விண்மீனாகிவிடும்.

கடைசியாக, 1.4 என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான எண் அல்ல. தாங்குவது இலத்திரன், பாரம் தருவது கரு. ஆகவே ஓர் இலத்திரனுக்கு எத்தனை கருத்துணிக்கை, அதாவது புரோத்தனும் நியூத்திரனும் சேர்த்து எத்தனை, என்பதைப் பொறுத்தே எல்லை அமைகிறது. காபனிலும் ஒட்சிசனிலும் அது 2. சந்திரசேகர் 1931இல் வெளியிட்ட முதல் விடை 0.91தான், காரணம் அவர் 2.5 என்று வைத்திருந்தார். இரும்பில் அது 2.15. அதனால் பெரிய விண்மீன்களின் நடுவில் சேரும் இரும்புக் கருவத்துக்கு எல்லை 1.25க்குக் கிட்ட இறங்கிவிடும். அங்கே இருக்கும் கடும் வெப்பம் அதைக் கொஞ்சம் மேலே தூக்கும்.